பணிப்பதிவேட்டிலிருந்து பாராட்டுரைக்கு: நான்கு வழிகளில் எது யாருக்குப் பொருந்தும்?

மே மாதக் கடைசியில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் என்று குத்துமதிப்பாகப் பிறந்தநாள் எழுதப்பட்ட தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அழைப்பவர்கள் கேட்பது ஒன்றுதான். "சார், பணி விவரத் தாள் கையில் இருக்கிறது. பணி நிறைவு விழாவில் இதை அப்படியே வாசித்தால் சம்பளப் பட்டியல் மாதிரி இருக்கிறது. வாழ்த்து மடலாக அடித்துவிடலாமா, இல்லை பேச்சாக எழுதலாமா?"

சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட தாள்களைப் பேச்சாக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்து, ஓய்வுக்குப் பிறகும் இறங்கவில்லை. இந்த ஆண்டு நால்வர் ஒரே கேள்வியோடு வந்ததால், நான் பயன்படுத்திப் பார்த்த நான்கு வழிகளையும் ஒரே தாளை வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறேன்.

## கையில் இருந்த தாள்

2025 மே 31 அன்று ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவருடையது. அலுவலகத்தில் அவர் 'சிஸ்டர்', ஊரில் 'நர்சம்மா'. ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளநிலை உதவியாளர் பணிப்பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொண்டுவந்தது இது:

- 1989: கிராம சுகாதார செவிலியராக நியமனம்
- 1991: தகுதிகாண் பருவம் நிறைவு
- 1993: மகப்பேறு விடுப்பு, 90 நாள்
- 1999: தேர்வுநிலை, 2009: சிறப்புநிலை
- 2012: பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு
- பணியாற்றிய துணை சுகாதார நிலையங்கள்: 4
- 31.5.2025: வயது முதிர்வில் ஓய்வு

இதன் கீழே அந்தத் தம்பி தன் கைவண்ணமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "லட்சக்கணக்கான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக் காத்த தாய்." அந்த வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

முதலாவது, வாய். இது கண்ணால் படிக்கப்படுவதில்லை. மின்விசிறிச் சத்தத்துக்கும் காபித் தம்ளர் சத்தத்துக்கும் நடுவே ஒருவர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகிறார். நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் போகும் என்பது என் கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டம் தாங்காது. ஆகவே ஐந்நூறு சொல்தான் எல்லை. யார் வாசிக்கப்போகிறார் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மேடைப் பழக்கமில்லாத தம்பிக்கு ஒரு மூச்சில் முடியாத வாக்கியத்தைக் கொடுத்தால், திணறுவது அவராக இருந்தாலும் குற்றம் எழுதியவருடையது.

இரண்டாவது, கூடம். கேட்பவர்கள் எல்லாரும் ஒரே அலுவலகத்தவரா? வீட்டார், பழைய அலுவலகத்தார், ஊர்ப் பெண்கள் என்று கலந்த கூட்டமா? 'தேர்வுநிலை' என்றால் முதல் வரிசைக்குப் பத்தாண்டுப் பணிக்குக் கிடைக்கும் ஊதிய உயர்வு என்று தெரியும். நான்காம் வரிசையில் இருக்கும் மாமியாருக்கு அது ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

மூன்றாவது, சங்கடம். சொன்ன செய்தி தவறாக இருக்கலாம்; சரியான செய்தியே யாரையாவது புண்படுத்தவும் செய்யலாம். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது.

நான்காவது, எழுதுகிறவரிடம் இருக்கும் நாள். ஒரு மாலையா, ஒரு வாரமா?

## வழி ஒன்று: தாளின் வரிசையிலேயே, சில வரிகளை மட்டும் திறப்பது

எளிய வழி. பலர் இதைக் கேவலமாக நினைக்கிறார்கள், நான் நினைப்பதில்லை. எல்லா வரியையும் கொஞ்சம் கொஞ்சம் அலங்கரிப்பதுதான் இதில் நடக்கும் பிழை. "1991-இல் தகுதிகாண் பருவத்தைச் சிறப்புற நிறைவு செய்தார்" என்று எழுதினால் வறட்சி அப்படியே இருக்கிறது, சொல் மட்டும் கூடியிருக்கிறது. ஏழு வரியில் இரண்டையோ மூன்றையோ எடுத்துத் திறக்க வேண்டும். மற்றவற்றை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட வேண்டும்.

எதைத் திறப்பது? அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் இடையே வேறுபாடு தெரியும் வரியை. இந்தத் தாளில் அது 'மகப்பேறு விடுப்பு, 90 நாள்'. தமிழக அரசில் இன்று மகப்பேறு விடுப்பு ஓராண்டு. 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021-இல் ஓராண்டு என்று வளர்ந்தது. 1993-இல் மூன்றே மாதம். இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் வரி இப்படி ஆகிறது:

"அவருடைய பதிவேட்டில் 1993-இல் ஒரு சின்ன வரி இருக்கிறது: மகப்பேறு விடுப்பு, தொண்ணூறு நாள். அன்று அவ்வளவுதான் கிடைத்தது. தாய்ப்பால் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லப் போன நர்சம்மா, தன் மூன்று மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்தக் குழந்தை இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது."

நான்கே வாக்கியம். 'தியாகம்' என்ற சொல் இல்லை, தேவையும் இல்லை.

இரண்டாவதாக அந்த 'லட்சக்கணக்கான குழந்தைகள்'. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஏறத்தாழ ஐயாயிரம் மக்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டில் இருபது பிறப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு நூறு குழந்தை. பதவி உயர்வுக்கு முந்தைய 23 ஆண்டில் அதிகம் போனால் 2,300. லட்சம் எங்கிருந்து வந்தது? அந்தத் துறையில் இருப்பவர்கள் கூடத்தில் ஐம்பது பேராவது இருப்பார்கள். மிகையைக் கேட்டதும் உதட்டோரம் சிரிப்பார்கள். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. 23 ஆண்டில் விடுப்பும் விடுமுறையும் கழித்தால் ஏறக்குறைய 1,100 புதன்கிழமைகள். "ஆயிரத்து நூறு புதன்கிழமைகள் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்" என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அந்தப் பெட்டியைச் சுமந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பதிவேட்டிலேயே இருக்கிறது. பணிப்பதிவேட்டில் அங்க அடையாளம் முதல் தண்டனை வரை எல்லாம் எழுதியிருக்கும். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணை ஒன்று எப்போதோ வழங்கப்பட்டு முடிந்திருக்கலாம். அதை வாசிக்கக் கூடாது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அது இருக்கும்போது "அப்பழுக்கற்ற பணி" என்று எழுதவும் கூடாது; கூடத்தில் அதை அறிந்தவர் ஒருவராவது இருப்பார். ஓய்வு பெறுபவரின் முகம்தான் முதலில் மாறும். பதிவேட்டை நேரே கேட்டு வாங்காமல், உரியவரிடம் சொல்லி அவர் அனுமதித்த விவரத்தை மட்டும் எடுப்பது மரியாதை.

## வழி இரண்டு: ஒரே நிகழ்ச்சியை முழுதாகச் சொல்வது

நன்றாக அமைந்தால் நான்கிலும் இதுதான் கூட்டத்தை அசையாமல் உட்காரவைக்கும். அமையாவிட்டால் இதைவிட மோசமான வழி வேறில்லை.

சிஸ்டரைப் பற்றி எல்லாரும் சொன்ன கதை ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விடியற்காலை. ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, நிலைமை கை மீறிப்போகிறது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில்தான். அன்று கூப்பிட எந்த வண்டியும் இல்லை. பால் சேகரிக்க வந்த வண்டியை மறித்து, கேன்களை இறக்கிவைத்துவிட்டு, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு சிஸ்டர் மருத்துவமனைக்குப் போனார். வண்டி, விடியல், இறக்கிவைத்த பால் கேன்கள்: எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன்.

பிறகு வழக்கம்போல் சரிபார்க்கப் புறப்பட்டேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். வண்டியிலேயே பிரசவம் ஆனது என்றார் ஒருவர்; மருத்துவமனை வாசலில் என்றார் இன்னொருவர். கடைசியில் சிஸ்டரிடமே கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சார், அன்று தாயைக் காப்பாற்றினோம். குழந்தை இல்லை. அவள் விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதை எடுக்க வேண்டாம்" என்றார்.

கதையைச் சொன்ன மூவரும் அதில் ஒரு செவிலியரின் வீரத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அது வேறொரு நாள். நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அதனால் இந்த வழியை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிகழ்ச்சியில் ஓய்வு பெறுபவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நோயாளி, மாணவர், கடன் வாங்கியவர், வழக்கில் சிக்கியவர் என்று யாராவது இருந்தால் அவர் ஒப்புதல் இல்லாமல் அது உங்கள் கதை ஆகாது. மற்றொரு செலவும் உண்டு: சரிபார்க்க ஆறேழு நாளாவது பிடிக்கும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கினால் கைவிட்டுவிட்டு வேறு வழி எடுக்கவும் நேரம் இருக்காது.

சின்னக் கூட்டம், ஒரே அலுவலகம், நிகழ்ச்சியைக் கண்ணால் பார்த்தவரே வாசிக்கிறார் என்றால் இதையே எடுக்கலாம். அப்போது விழாவில் ஒரு தவறு நேர்ந்தாலும் அது பார்த்தவரின் நினைவுப் பிழையாகவே போய்விடும்.

## வழி மூன்று: பலர் சொன்னதைக் கோப்பது

எட்டுப் பேரிடமோ பத்துப் பேரிடமோ ஆளுக்கு இரண்டு வரி வாங்கிக் கோத்து வாசிப்பது. வாட்ஸ்அப் குழுவில் "சிஸ்டரைப் பற்றி இரண்டு வரி அனுப்பவும்" என்று போட்டார் நம் தம்பி. பதினொரு பதில் வந்தது. அன்பானவர், பண்பானவர், கடின உழைப்பாளி, எங்களுக்குத் தாய் போன்றவர். பெயரை மாற்றினால் அந்தப் பதினொன்றையும் எவருக்கும் வாசிக்கலாம்.

பதில் சொன்னவர்கள் மீது குற்றமில்லை. கேள்விதான் அப்படி. கேள்வியை மாற்றி, நேரில் போய்க் கேட்டோம். அவர் கடைசியாக உங்களை எதற்குத் திட்டினார்? அவர் பையில் எப்போதும் இருப்பது என்ன? அவர் வந்துவிட்டார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜீப் ஓட்டுநர் சொன்னார்: "ஏறியதும் முதலில் பெட்டியைத் திறந்து நாலு ஐஸ் பேக்கையும் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எனக்கு வணக்கம்."

வேலைக்குச் சேர்ந்து மூன்றாண்டு ஆன கிராம சுகாதார செவிலியர் ஒருவர்: "என் பதிவேட்டில் பிறப்பு எடை எல்லாமே இரண்டரை கிலோ என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, 'உன் ஊர்க் குழந்தைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையா?' என்று கேட்டார். அதற்குப் பிறகு தராசில் போடாமல் நான் எடை எழுதியதில்லை." இரண்டரை கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை என்று தனியாகக் கவனிக்க வேண்டும், மேலே பதில் சொல்லவும் வேண்டும், அதனால் எல்லைக் கோட்டிலேயே எண்ணை நிறுத்திவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இதை அறிந்த துறைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஊர்ப் பெண் ஒருவர்: "வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் என் பையன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நாட்காட்டி பார்க்காமலே எங்களுக்குப் புதன்கிழமை தெரிந்துவிடும்."

இந்த மூன்றிலும் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். திட்டியதைக் கேட்டால்தான் கூட்டத்துக்குப் பாசம் புரிகிறது.

செலவு எங்கே? பெயர் வரிசையில். வட்டார மருத்துவ அலுவலர் சொன்னதை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் ஒருவர் முகம் வாடும். எவர் சொன்னதையாவது விட்டால் இன்னொருவர் முகம். நான் பதவி வரிசையில் வைப்பதில்லை. கால வரிசையில், அவரை முதலில் அறிந்தவரை முதலில் வைக்கிறேன். எவரும் கேள்வி கேட்க முடியாத வரிசை அது. விடுபட்டவர்களின் வரிகளைத் தனித்தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். நேரில் கேட்பதால் மூன்று நாளாவது வேண்டும்.

## வழி நான்கு: செய்யுளில் வாழ்த்து மடல்

பொன்னாடை, சந்தன மாலை, கண்ணாடிச் சட்டத்தில் வாழ்த்து மடல்: நம் ஊர் விழாவில் இந்த மூன்றும் இல்லாமல் முடியாது. அச்சகத்தில் ஆயத்தமாகப் பாட்டு இருக்கும்; பெயரை மட்டும் மாற்றுவார்கள். ஒரே கூடத்தில் ஒரே நாளில் ஓய்வு பெற்ற இருவருக்கு ஒரே பாட்டு வாசிக்கப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டாவது பாட்டின் மூன்றாம் அடியைக் கூட்டமே சேர்ந்து சொன்னது.

சொந்தமாக எழுதுவதென்றால் ஆசிரியப்பா கைக்கு அடங்கும். வெண்பாவில் தளை தட்டும், தமிழாசிரியர் ஒருவர் கட்டாயம் முன்வரிசையில் இருப்பார். மோனைக்காகச் சொல்லைத் தேடும்போது உண்மை நழுவுவதுதான் இந்த வழியின் பெரிய செலவு. 'அ'வுக்கு அன்னை வரும், அருள் வரும், அமுதம் வரும். தடுப்பூசிப் பெட்டி வராது. அச்சான பிறகு ஓர் எழுத்துப் பிழை தெரிந்தால் அது சுவரில் முப்பது ஆண்டு தொங்கும்.

அப்படியிருந்தும் இதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஓய்வு பெறுபவரை அதிகம் அறியாத புதிய அதிகாரி வாசிக்க வேண்டியிருக்கும்போது செய்யுள்தான் பாதுகாப்பு. உரிமை எடுத்துக்கொள்ளாமல் வாழ்த்த அது இடம் தருகிறது. வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டவும் ஒரு பொருள் வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு கூடத்திலேயே கரைந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | தாளின் வரிசை | ஒரே நிகழ்ச்சி | பல குரல் | செய்யுள் மடல் |
|---|---|---|---|---|
| தேவையான நாள் | ஒரு மாலை | ஒரு வாரம் | மூன்று, நான்கு நாள் | அச்சோடு சேர்த்து இரண்டு நாள் |
| வாசிக்க | எளிது | பார்த்தவர் வாசித்தால் நன்று | எளிது; வாக்கியங்கள் சிறியவை | பழக்கம் வேண்டும் |
| கலந்த கூட்டம் | துறைச் சொல்லை விளக்கினால் போதும் | பொருந்தலாம் | மிகப் பொருந்தும் | பொருந்தும் |
| சங்கடம் வருமிடம் | பதிவேட்டின் மறைந்த பக்கங்கள் | நிகழ்ச்சியிலுள்ள மற்றவர் | பெயர் வரிசை, விடுபட்டவர் | பொதுப் பாட்டு, அச்சுப் பிழை |

## நாங்கள் எடுத்தது

சிஸ்டரின் விழாவுக்கு நான்கு ஊர்களிலிருந்து பெண்கள் வருவதாக இருந்தது. கூடவே வீட்டாரும் மூன்று தலைமுறை ஊழியர்களும். ஆகவே மூன்றாம் வழியை உடம்பாக வைத்துக்கொண்டோம். முதல் வழியிலிருந்து இரண்டே வரிகள்: தொடக்கத்தில் 1,100 புதன்கிழமைகள், முடிவில் அந்தத் தொண்ணூறு நாள். தேர்வுநிலை, சிறப்புநிலை எல்லாம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சேறின, தேடுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மொத்தம் 460 சொல். தம்பி வாசிக்க ஐந்தேகால் நிமிடம் ஆனது, சிரிப்புக்கு நிறுத்தியதையும் சேர்த்து.

சட்டம் போட்ட மடலையும் விடவில்லை. எட்டு அடி ஆசிரியப்பா, வட்டார மருத்துவ அலுவலர் வாசித்தார். அவர் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

தம்பி தொண்ணூறு நாள் வரியைச் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த மகள் எழுந்து நின்றார். கை தட்டல் அடங்கும் முன்பே சிஸ்டர் ஒலிபெருக்கியை வாங்கினார். "பதிவேட்டில் தொண்ணூறு என்றுதான் இருக்கும். எண்பத்தாறாவது நாளே நான் போய்விட்டேன். அன்று புதன்கிழமை, வந்திருந்த புதுப் பெண்ணுக்கு எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்று தெரியாது."